வீட்டு இணையம் முழுதும் நின்றபோது சாதாரணத் தொலைபேசி அழைப்பில் கூட்டத்தில் சேர்வது

கேள்வி: "எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு மழைக்காலத்தில் அடிக்கடி முழுக்கப் போய்விடுகிறது. மொபைல் டேட்டாவும் இங்கே சரியில்லை, கால் மட்டும் நன்றாக எடுக்கும். ஆபீஸ் ஜூம் மீட்டிங் அழைப்பில் சில ஃபோன் நம்பர்கள் இருக்கின்றன. நேற்று ஒன்றைக் கூப்பிட்டேன். மீட்டிங் ஐடியை ஏற்றுக்கொண்டது, அடுத்து பாஸ்கோடு போட்டால் தவறு என்றது. இப்படிச் சாதாரண காலில் சேர முடியுமா? எப்படி?"

முடியும். நேற்று நீங்கள் போட்ட பாஸ்கோடு சரியானதாகவே இருந்திருக்கலாம். அதைக் கேட்பதற்கு முன்பே அழுத்திவிட்டீர்கள் என்பதே என் கணிப்பு. ஜூமின் தொலைபேசி எண்ணை அழைத்தால், பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எண்களைக் கேட்கும். முதலில் கேட்பது மீட்டிங் ஐடி. அதை அழுத்தி இறுதியில் # அழுத்த வேண்டும். அமெரிக்க வழக்கில் அந்தக் குரல் # விசையைப் 'பவுண்ட்' என்று சொல்லும், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டாவதாகக் கேட்பது பார்ட்டிசிபன்ட் ஐடி. கணினி வழியாக ஏற்கெனவே கூட்டத்துக்குள் வந்துவிட்டு, பேச்சை மட்டும் தொலைபேசியில் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கான எண் அது. இணையமே இல்லாத உங்களிடம் அது இருக்காது, தேவையும் இல்லை. அந்த இடத்தில் வெறும் # மட்டும் அழுத்தினால் போதும். மூன்றாவதாகத்தான் பாஸ்கோடு கேட்கப்படும். இரண்டாவது கேள்வியிலேயே பாஸ்கோடை அழுத்தினால், அது பார்ட்டிசிபன்ட் ஐடியாகச் சரிபார்க்கப்பட்டுத் தவறு என்று நிராகரிக்கப்படும். பல ஆண்டுகளாக அலுவலகக் கூட்ட அமைப்புகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். தொலைபேசியில் சேர முடியவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் கணிசமானோர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நின்றுபோனார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கூட்டத்தின் பாஸ்கோடில் எழுத்துகள் கலந்திருந்தால், தொலைபேசி விசைப்பலகையில் அதை அழுத்த வழியில்லை என்பதால், தொலைபேசியில் வருவோருக்கென ஜூம் எண்கள் மட்டும் கொண்ட தனி பாஸ்கோடு ஒன்றை உருவாக்கும். அழைப்பு மடலின் மேற்பகுதியில், இணைப்புக்குக் கீழே இருப்பது கணினிக்கானது; தொலைபேசி எண்களின் பட்டியலை ஒட்டிக் கொடுக்கப்பட்டிருப்பது தொலைபேசிக்கானது. சக ஊழியர் உங்களுக்கு வாட்ஸாப்பில் வெறும் இணைப்பை மட்டும் அனுப்பியிருந்தால், அதிலிருந்து பாதிதான் கிடைக்கும். இணைப்பில் /j/ என்பதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் மீட்டிங் ஐடி. அதற்கும் பின்னால் pwd= என்று தொடங்கும் நீண்ட கோவை மறைகுறியாக்கப்பட்ட வடிவம்; அதைப் பார்த்து பாஸ்கோடைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே முழு அழைப்பு மடலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். இணையம் போனபின் அந்த மடலைத் திறக்க முடியாமல் போகலாம் என்பதால், இணையம் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டிய தகவல் இது.

டேட்டா எடுக்காத இடத்தில் கால் மட்டும் எப்படி எடுக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெருக்கடியில் எதை நம்பலாம் என்பது இதிலிருந்துதான் தெரியவரும். பலர் பங்கேற்கும் ஜூம் கூட்டத்தில் காணொளி தெளிவாக வர வினாடிக்கு 600 கிலோபிட் முதல் அதற்கு மேலும் தேவைப்படும். காணொளியை நிறுத்திப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டாலும் 60 முதல் 80 கிலோபிட் வேண்டும். 4ஜி கைபேசியின் சாதாரண அழைப்புக்கோ சுமார் 13 முதல் 24 கிலோபிட் போதும். அதோடு கைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு அந்த அழைப்புக்கென முன்னுரிமையுள்ள தனிப் பாதையை ஒதுக்குகிறது. கைபேசிக் கோபுரத்தில் நெரிசல் மிகுந்து டேட்டா தவழும்போதும் பேச்சு தடையின்றிப் போவதற்கு அந்த ஒதுக்கீடே காரணம். டேட்டா பொத்தானை அணைத்து வைத்திருந்தாலும், அன்றைய டேட்டா அளவு தீர்ந்திருந்தாலும் இந்த அழைப்பு வேலை செய்யும். 4ஜி அலையே கிடைக்காத இடத்தில், 2ஜி சேவை வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம் பழைய முறைக்கு இறங்கி அழைப்பைத் தாங்கிக்கொள்ளும்; ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் அங்கே 4ஜி அலை கட்டாயம் இருக்க வேண்டும். டேட்டா ஓரளவு நிலையாக வருகிறதென்றால், காணொளியை நிறுத்தி ஜூம் செயலியிலேயே இருப்பது நல்லது, திரையாவது தெரியும். ஆனால் வந்து வந்து போகும் டேட்டாவில் பாதிச் சொற்கள் விழுங்கப்படும். அந்நிலையில் தயங்காமல் தொலைபேசிக்கு மாறிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை.

வீட்டில் தரைவழித் தொலைபேசி இருக்கிறதே என்று அதை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்பாக இருந்தால் அதற்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வருகிறது. வீட்டில் மின்சாரம் போனாலும், ஃபைபர் அறுந்தாலும் அது தனியாக இயங்கும். இப்போது பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கருவி ஃபைபர் பெட்டியின் பின்புறத்தில்தான் செருகப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் இணையம் போகும் அதே நொடியில் அந்தத் தொலைபேசியும் போய்விடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததை விரிவாகச் சொன்னால், எந்தெந்த இடத்தில் தடை வரும் என்பது தெளிவாகும். அவர் தென்காசிப் பக்கம் தம் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். வடகிழக்குப் பருவமழையின்போது, காலாண்டுக் கணக்கு ஆய்வுக் கூட்டத்துக்குச் சற்று முன்பாக இணையம் நின்றது. அவர் முதலில் ஃபைபர் பெட்டியைப் பார்த்தார். LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. வெளியே கம்பி அறுந்திருக்கும், அல்லது பெட்டிக்குள் வரும் முனை கழன்றிருக்கும். முனையைச் சரிபார்த்துவிட்டால் வீட்டுக்குள் செய்வதற்கு வேறொன்றும் இல்லை; பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. மாறாக, PON விளக்கு பச்சையாக நிலைத்து நின்று இணையம் மட்டும் வரவில்லையென்றால், ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு.

அடுத்து அவர் கைபேசியில் ஜூம் எண்ணை அழைத்தார். அழைப்பு போகவே இல்லை. சில வினாடிகள் மௌனம், பிறகு துண்டிப்பு. மறுபடி அழைத்தபோது இணைப்புக் கிடைத்தது, ஆனால் எதுவும் கேட்கவில்லை. அலை நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வைஃபையில் இருந்தது. இணையம் போனாலும் ஃபைபர் பெட்டி வைஃபை அலையைத் தொடர்ந்து பரப்பிக்கொண்டிருக்கும். கைபேசியில் வைஃபை காலிங் இயக்கப்பட்டிருந்தால், கைபேசி கோபுரத்தை விட்டுவிட்டு அந்தச் செத்த வைஃபை வழியாகவே அழைப்பை அனுப்பப் பார்க்கும். இணைய இணைப்பு இல்லை என்பதை உணர்ந்து தானாக மாறிக்கொள்ளும் கைபேசிகளும் உண்டு, தாமதமாக மாறுபவையும் உண்டு. அதனால் இணையம் போன உடனே கைபேசியில் வைஃபையை அணைத்துவிடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அணைத்தார், அடுத்த அழைப்பிலேயே குரல் தெளிவாகக் கேட்டது.

மீட்டிங் ஐடி ஏற்கப்பட்டது. இரண்டாவது கேள்வியில் அவரும் உங்களைப் போலவே பாஸ்கோடை அழுத்தினார், நிராகரிக்கப்பட்டார். குரல் மறுபடி கேட்டபோது கவனித்து # மட்டும் அழுத்திக் கடந்தார். பாஸ்கோடு கொடுத்த பிறகு வெயிட்டிங் ரூமில் நிறுத்தப்பட்டார். கூட்டத்தை நடத்துபவருக்குத் திரையில் ஒரு பெயர் தெரிவதற்குப் பதிலாக, நடுவில் சில இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஒரு தொலைபேசி எண் மட்டுமே தெரிந்தது. யாரென்று தெரியாத எண்ணைக் கணக்கு ஆய்வுக் கூட்டத்தில் சேர்க்க அவர் தயங்கியது நியாயமானதே. பெண்மணி அழைப்பைத் துண்டிக்காமலே, 'இணையம் இல்லை, ஃபோனில் காத்திருக்கிறேன், என் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் இது' என்று நடத்துநருக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி அனுப்பினார். வாட்ஸாப் போகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உடனே உள்ளே சேர்க்கப்பட்டார். நடத்துநர் அந்த எண்ணின் மீது அவருடைய பெயரையும் எழுதிவிட்டார்.

உள்ளே வந்ததும் அவர் பேசத் தொடங்கினார், யாருக்கும் கேட்கவில்லை. பலர் இருக்கும் கூட்டங்களில் உள்ளே வருவோரை மியூட் நிலையிலேயே சேர்க்கும்படி நடத்துநர் அமைத்திருப்பார். அதை நீக்கத் தொலைபேசியில் *6 அழுத்த வேண்டும்; மீண்டும் அழுத்தினால் மறுபடி மியூட் ஆகும். பேச அனுமதி கேட்டுக் கையுயர்த்த *9. இவரோ கைபேசித் திரையில் இருந்த மியூட் பொத்தானையும் தொட்டுவிட்டிருந்தார். கைபேசியின் மியூட் வேறு, கூட்டத்தின் மியூட் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. கூட்டத்தின் பங்கேற்பாளர் பட்டியலில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும், சத்தம் மட்டும் வராது. ஆகவே கைபேசியின் சொந்த மியூட் பொத்தானைத் தொடவே வேண்டாம், *6 ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறை *6 அழுத்தும்போதும் மியூட் ஆனதா நீங்கியதா என்பதைக் குரல் உங்களுக்கு மட்டும் அறிவிக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் குழப்பம் வராது.

இத்தனை எண்களையும் பதற்றத்தில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அழைப்பு மடலில் ஒருதட்டு வரி ஒன்று இருக்கும். எடுத்துக்காட்டுக்காக நான் புனைந்த எண்களைக் கொண்டு எழுதினால் அது இப்படி இருக்கும்:

```
+12025550123,,81234567890#,,,,*246810#
```

முதலில் இருப்பது அழைக்க வேண்டிய எண். ஒவ்வொரு காற்புள்ளியும் சில வினாடி இடைநிறுத்தம். அதன்பின் மீட்டிங் ஐடி, மறுபடி இடைநிறுத்தம், பிறகு பாஸ்கோடு. கைபேசியில் இதைத் தொட்டால் எல்லாம் தானாகவே அழுத்தப்படும். இதில் ஒரு பலவீனம் உண்டு. இணைப்புக் கிடைக்கத் தாமதமானாலோ, குரல் பேசி முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாலோ, எண்கள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து வீணாகிவிடும். வெளிநாட்டு எண்களை அழைக்கும்போது இது அடிக்கடி நிகழ்கிறது. அதனால் வாரந்தோறும் ஒரே ஐடியில் நடக்கும் கூட்டங்களுக்கு, காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி இட்டுக் கைபேசியின் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைப்பதையே நான் விரும்புகிறேன்:

```
+12025550123;81234567890#;#;246810#
```

அரைப்புள்ளி வரும் இடங்களில் கைபேசி தானாக எதையும் அனுப்பாமல் நின்று, அடுத்த எண்ணை அனுப்பட்டுமா என்று திரையில் கேட்கும். குரல் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு நீங்கள் சரி என்று தொட்டால் போதும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் எண் தட்டச்சு செய்யும் இடத்தில் குறியீடுகளுக்கான விசையைத் தொட்டால் இடைநிறுத்தம், காத்திருப்பு என்ற இரண்டும் கிடைக்கும். காற்புள்ளி முன்னது, அரைப்புள்ளி பின்னது. நடுவில் தனியாக நிற்கும் # தான் உங்களை நிறுத்திய அந்த இரண்டாவது கேள்விக்கான விடை. கைபேசியே கெட்டுப்போகும் நாளுக்காக இந்த எண்களை ஒரு காகிதத்திலும் எழுதி மேசையில் ஒட்டி வைக்கலாம். அப்போது வீட்டில் வேறொருவரின் கைபேசியிலிருந்தும், சாதாரணப் பொத்தான் கைபேசியிலிருந்தும்கூடச் சேரலாம்.

செலவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அழைப்பு மடலில் இருப்பவை எந்தெந்த நாட்டு எண்கள் என்பது கூட்டத்தை நடத்துபவரின் கணக்கையும் அவர் செய்த தேர்வையும் பொறுத்தது. இந்திய எண் இருந்தால் அது உங்கள் வரம்பற்ற அழைப்புத் திட்டத்துக்குள் சாதாரண அழைப்பாகவே வரும். அமெரிக்க, பிரிட்டன் எண்கள் மட்டுமே இருந்தால் அது ஐஎஸ்டி. வரம்பற்ற திட்டங்களில் அது பொதுவாகச் சேராது, பல சிம்களில் ஐஎஸ்டி வசதி தனியாகக் கேட்டுத் திறக்கப்பட வேண்டியதாகவும் இருக்கும். உங்கள் சிம்மில் அது திறந்திருக்கிறதா, நிமிடத்துக்கு எவ்வளவு என்பதைக் கைபேசி நிறுவனத்திடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மடலில் உள்ள எல்லா நாட்டு எண்களும் ஒரே கூட்டத்துக்குத்தான் அழைத்துச் செல்லும்; ஆகவே கட்டணம் குறைவான நாட்டின் எண்ணைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. அமெரிக்காவின் கட்டணமில்லா எண் அந்த நாட்டுக்குள் அழைப்பவருக்குத்தான் இலவசம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மடலில் தொலைபேசி எண்ணே இல்லையென்றால், நடத்துபவரின் கணக்கில் அந்த வசதி இல்லை அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இலவசக் கணக்குகளில் நடக்கும் கூட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அழைக்கவே வழியில்லாதவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. நடத்துபவரின் கணக்கில் வெளியழைப்பு வசதி வாங்கப்பட்டிருந்தால், அவர் கூட்டத்துக்குள்ளிருந்தே உங்கள் கைபேசி எண்ணுக்கு அழைப்பு அனுப்பலாம். உங்கள் கைபேசி வழக்கம்போல ஒலிக்கும்; எடுத்து, கேட்டால் 1 போன்ற ஒரு விசையை அழுத்தினால் உள்ளே வந்துவிடுவீர்கள். ஐடியும் வேண்டாம், பாஸ்கோடும் வேண்டாம், ஐஎஸ்டி செலவும் உங்கள் தலையில் விழாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் கூகுள் மீட்டிலும் இதற்கு நிகரான வசதி உண்டு. இந்தியாவுக்கு அழைக்க அவர்களுடைய திட்டம் அனுமதிக்கிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், உங்கள் அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒரு வரியில் கேட்டு விடையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற செயலிகளிலும் அடிப்படை இதுவே, விசைகள்தான் கொஞ்சம் மாறும். டீம்ஸில் மீட்டிங் ஐடிக்குப் பதிலாகத் தொலைபேசிக்கென்று தனியாக ஒரு கான்ஃபரன்ஸ் ஐடி மடலில் இருக்கும். மியூட் *6, கையுயர்த்த *5, என்னென்ன விசைகள் உண்டு என்று கேட்க *1. கூகுள் மீட்டில் PIN எண்ணும் # விசையும் மட்டுமே, மியூட் அங்கேயும் *6.

கூட்டத்துக்குள் இருக்கும்போது நீங்கள் பிறருக்கு இழைக்கக்கூடிய ஒரு தொல்லையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு வேறொரு அழைப்பு வரும். நீங்கள் அதை எடுத்தால் கூட்டம் ஹோல்டில் போகும். அப்போது கைபேசி நிறுவனம் மறுமுனைக்கு ஒலிபரப்பும் 'உங்கள் அழைப்பு காத்திருப்பில் உள்ளது' என்ற அறிவிப்போ இசையோ, கூட்டத்தில் இருக்கும் அனைவருக்கும் ஓயாமல் கேட்கும். உங்களுக்கு அது கேட்காது என்பதால் நடப்பது தெரியவும் தெரியாது. நடத்துநர் உங்களை மியூட் செய்தால்தான் கூட்டம் தொடரும். இதைத் தவிர்க்க, கூட்டத்துக்கு அழைக்கும் முன் கைபேசியில் #43# என்று அழுத்தி அழைத்தால் கால் வெயிட்டிங் நின்றுவிடும். அதன்பின் வேறு யார் அழைத்தாலும் அவர்களுக்கு பிஸி என்று வரும். கூட்டம் முடிந்ததும் *43# அழுத்தி மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். இந்தக் குறியீடு பொதுத் தரத்தில் உள்ளது, ஆனாலும் சில 4ஜி சிம்களில் ஏற்கப்படாமல் போவதுண்டு. அப்போது கைபேசியின் அழைப்பு அமைப்புகளில் கால் வெயிட்டிங் என்ற பொத்தானை அணைக்க வேண்டும். குறைந்தபட்சம், நீங்கள் பேசாத நேரமெல்லாம் *6 அழுத்தி மியூட்டில் இருந்தால், தவறி ஹோல்டில் போனாலும் இசை கூட்டத்துக்குள் நுழையாது.

தொலைபேசியில் வரும் ஒலியின் தன்மையும் வேறு. உங்கள் கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே குரல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கூட்டத்தின் தொலைபேசி எண்ணை எட்டும்போது அது பெரும்பாலும் பழைய தொலைபேசி அளவுக்கு, ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளாகச் சுருங்கிவிடும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் அடையாளம் அதற்கு மேலேதான் அதிகம் இருக்கிறது. அதனால் பெயர்களும் கோப்பு எண்களும் தவறாகக் கேட்கும்; ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒன்றுபோல ஒலிக்கும் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இன்னும் கலங்கும். நான் சொன்ன கணக்குப் பிரிவுப் பெண்மணி தொகைகளை 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். மற்றவர்களையும் அப்படியே சொல்லக் கேட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் போடாமல் கம்பியுள்ள இயர்ஃபோனில் பேசினால் இன்னும் தெளிவு கூடும். திரையில் காட்டப்படுவது உங்களுக்குத் தெரியாது; சாட் தெரியாது, வாக்கெடுப்பில் பங்கேற்க முடியாது. படவில்லைகளை முந்தைய நாளே இறக்கி வைத்திருந்தால், காட்டுபவர் ஒவ்வொரு பக்கத்திலும் 'பக்கம் ஏழு' என்று சொன்னாலே நீங்கள் உடன்வர முடியும். இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

எவ்வளவு தயாராக இருந்தாலும் தொலைபேசியில் சேரவே முடியாத கூட்டங்களும் உண்டு. முனையிலிருந்து முனை வரை மறைகுறியாக்கம் இயக்கப்பட்ட ஜூம் கூட்டத்தில் தொலைபேசி இணைப்பு வேலை செய்யாது. தொலைபேசி அழைப்பு அந்த மறைகுறியாக்கத்துக்குள் வர இயலாது என்பதால், அந்த அமைப்பை இயக்கியதும் தொலைபேசி வழி தானாகவே அடைக்கப்படுகிறது. மறைபொருள் பேசப்படும் கூட்டமென்றால், சாதாரண அழைப்பு அந்த அளவுக்குப் பாதுகாக்கப்பட்டதல்ல என்பதை நீங்களே முன்வந்து நடத்துநரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கூட்டத்தின் நடுவே இணையம் திரும்பி வந்துவிட்டால் அவசரப்பட்டுத் தொலைபேசியைத் துண்டிக்காதீர்கள். கணினியில் கூட்டத்துக்குள் வாருங்கள், ஆனால் ஒலி எப்படி வேண்டும் என்று அது கேட்கும்போது கணினி ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தொலைபேசிக்கான பிரிவைத் திறங்கள். அங்கே உங்களுக்கான பார்ட்டிசிபன்ட் ஐடி காட்டப்படும். நடந்துகொண்டிருக்கும் அழைப்பிலேயே, அந்த எண்ணை முன்னும் பின்னும் # இட்டு அழுத்துங்கள், #52# என்பதுபோல. பட்டியலில் தனித்தனியாக நின்ற தொலைபேசி எண்ணும் உங்கள் பெயரும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். திரை கணினியிலும் பேச்சு தொலைபேசியிலும் தொடரும். இதைச் செய்யாமல் கணினி ஒலியையும் திறந்தால், உங்கள் அறையில் இரண்டு மைக்குகளும் இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று கேட்டு, அனைவருக்கும் எதிரொலி எழும். இணையம் மறுபடி போனாலும், தொலைபேசி தனியாகத் தொடர்ந்து நிற்பதால் உங்கள் பேச்சு அறுபடாது.

இவற்றில் எது உங்கள் அலுவலக அமைப்பில் வேலை செய்யும் என்பதை அறிய எளிய வழி, இணையம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் வழக்கமான குழுக் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் சோதித்துப் பார்ப்பது. கணினியில் ஒலி இல்லாமல் உள்ளே வந்துவிட்டு, கைபேசியில் வைஃபையை அணைத்து, சேமித்து வைத்த எண்ணை அழையுங்கள். பட்டியலில் உங்கள் எண் எப்படித் தோன்றுகிறது, *6 அழுத்தினால் மைக் குறி மாறுகிறதா, அழைப்புக்கு எவ்வளவு கட்டணம் பிடிக்கப்பட்டது என்ற மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் பாஸ்கோடு நிராகரிக்கப்பட்டால், எந்தக் கேள்விக்குப் பிறகு எந்த எண்ணை அழுத்தினீர்கள் என்பதை வரிசையாக எழுதி இங்கே இடுங்கள், பாஸ்கோடையும் மீட்டிங் ஐடியையும் மறைத்துவிட்டு. அதை வைத்து எங்கே தடை என்று சொல்லிவிட முடியும்.